படம் தொடங்கும் முன் ஒரு நிமிடம்

கல்லூரியில் படம் திரையிடுகிறார்கள் என்றால் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, 2 மணிக்குத்தான். நாலரைக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பிவிடும். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ ஏறக்குறைய 2 மணி 5 நிமிடம் ஓடும் படம். மிச்சம் 25 நிமிடம். மாணவர்கள் வந்து உட்காருவது, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, நினைவுப் பரிசு, அதைக் கொடுக்கும்போது கேமராவைப் பார்த்து ஒரு நிமிடம் அசையாமல் நிற்பது, எல்லாம் இதற்குள் முடிய வேண்டும். ‘நேரத்தின் அருமை கருதி என் உரையைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அதற்கப்புறம் குறைந்தது பத்து நிமிடம் பேசுவார் என்பது தமிழ்நாட்டு மேடைகளை அறிந்த எவருக்கும் தெரியும். கடைசியில் வெட்டுப்படுவது படம்தான். ராய் மூன்று ஆண்டு பாடுபட்டுச் சேர்த்த முடிவை, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றபடி பாதிக் கூட்டம் பார்க்கும்.

அதனால்தான், படத்தை அறிமுகப்படுத்தும் மாணவருக்கு ஒரு நிமிடம் என்று கறாராகச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு நிமிடம் என்பது கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். பின்வரிசை வரை கேட்கும்படி நிதானமாகப் பேசினால் அதற்குள் ஏறத்தாழ 100 சொல் அடங்கும். கூட்டத்தைப் பார்த்துப் பதற்றத்தில் வேகமெடுத்தால் 130 வரை போகலாம், ஆனால் அந்த வேகத்தில் சொன்னது யாருக்கும் ஏறாது. 100 சொல் என்றால் கையெழுத்தில் அரைப் பக்கத்துக்குச் சற்றுக் கூட. அந்த அரைப் பக்கத்தில் எதை வைப்பது என்பதுதான் கேள்வி. ‘பதேர் பாஞ்சாலி’யையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். திரைப்படச் சங்கங்களிலும் காட்சித் தொடர்பியல் துறைகளிலும் திரும்பத் திரும்பத் திரையிடப்படும் படம் அது. திரும்பத் திரும்ப மோசமாக அறிமுகப்படுத்தப்படும் படமும் அதுதான்.

வழக்கமாக என்ன நடக்கும்? முதல் நாள் மாலை துறையில் ஒரு மாணவரைப் பிடித்து, “தம்பி, நாளைக்கு நீதான் இன்ட்ரோ கொடுக்கிறே” என்பார்கள். அவர் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு இரவில் இணையத்தில் தேடி எழுதிக்கொண்டு வருவார். தாளில் இருப்பது கிட்டத்தட்ட எப்போதும் ஒரே மாதிரிதான். ராய் 1921 மே 2 அன்று கொல்கத்தாவில் பிறந்தார். 1992இல் அவருக்கு ஆஸ்கர் கௌரவ விருதும் பாரத ரத்னாவும் கிடைத்தன. இந்தப் படம் 1956இல் கான் விழாவில் பரிசு பெற்றது. விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் 1929ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. இசை ரவிசங்கர். அப்புறம் கதைச் சுருக்கம், அதுவும் முழுவதுமாக. யார் இறக்கிறார்கள், குடும்பம் கடைசியில் எங்கே போகிறது என்பது வரை.

இதில் எதுவும் பொய்யில்லை. எதுவும் உதவியுமில்லை. இருட்டில் உட்கார்ந்து திரையைப் பார்க்கிறவருக்கு, ராய் பிறந்த தேதி எந்தக் காட்சியில் பயன்படப் போகிறது? விருதுப் பட்டியல் இன்னும் கெடுதல் செய்கிறது. ‘உலகத் தரம் வாய்ந்த காவியம்’ என்று சொன்ன உடனே, முன்வரிசையில் இருக்கும் முதலாண்டு மாணவிக்கு இது ரசிக்கிற படமில்லை, மதிக்கிற படம் என்று புரிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அலுப்புத் தட்டினால், தப்பு தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கைபேசியை மெல்லத் திறப்பார். கதைச் சுருக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிற்பாதியில் வரும் ஓர் இழப்பை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு, அதற்கு முந்தைய மழைக் காட்சி வெறும் மழைக் காட்சியாக இருக்காது. முடிவுக்கான அறிவிப்பாக ஆகிவிடும். அந்த மழையில் நனைகிற சந்தோஷம் முழுக்கப் போய்விடும்.

எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்றால், நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். இந்தத் தகவல் இல்லாமல் நம் ஊர் மாணவர் இந்தப் படத்தின் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்? எல்லாப் பார்வையாளருக்கும் பொதுவான அறிமுகம் என்று ஒன்று கிடையாது. கொல்கத்தாவில் தேவைப்படாத ஒரு வரி திருநெல்வேலியில் தேவைப்படும்.

‘பதேர் பாஞ்சாலி’யில் தமிழ்ப் பார்வையாளர் தடுக்கி விழும் முதல் இடம் தலைப்பிலேயே இருக்கிறது. பாஞ்சாலி என்றதும் நமக்குத் திரௌபதி நினைவு வந்துவிடும். சுவரொட்டியைப் பார்த்துவிட்டு மகாபாரதப் படம் என்று நம்பி வருபவர்களும் உண்டு. அரை வரியில் விலக்கிவிட்டால் தீர்ந்தது.

இரண்டாவது இடம் பெரியது. படத்தில் ஒரு கிழவி வருகிறார். கூன் விழுந்த முதுகு, பொக்கை வாய், கிழிந்த போர்வை. பெயர் இந்திர் தாக்ருண். படம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே, பக்கத்துத் தோப்பிலிருந்து திருட்டுத்தனமாக எடுத்துவந்த பழத்தைச் சிறுமி துர்கா இந்தக் கிழவிக்கென்று கொண்டுவந்து வைக்கிறாள். தோப்புக்காரப் பெண் கத்துகிறாள், அந்தக் கத்தல் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் தாய் சர்வஜயாவின் காதில் விழுகிறது. அவள் வீட்டுக்கு வந்து கிழவியைத் திட்டுகிறாள். பிள்ளையைக் கெடுப்பதே நீதான் என்கிற மாதிரி. கிழவி பாயையும் மூட்டையையும் சுருட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்.

இந்தக் காட்சியை நம் மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? வயதான பெண்மணி, வீட்டில் மருமகள் வயதில் ஒருத்தி, நடுவில் சண்டை. மாமியார் மருமகள் சண்டை என்று ஒரு நொடியில் முடிவுகட்டி விடுகிறார்கள். இரவு நேரத் தொடர்கள் அத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்தது அதுதானே. மருமகள் கொடுமைக்காரி, பாட்டி பாவம். அப்புறம் படம் முழுக்க சர்வஜயாவை அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். அவள் ஒரு பிடி அரிசிக்கு என்ன பாடுபடுகிறாள் என்பது கண்ணில் படவே படாது.

உண்மையில் அந்தக் கிழவி பாட்டி இல்லை. மாமியாரும் இல்லை. குடும்பத் தலைவர் ஹரிஹருக்குத் தூரத்து உறவில் அக்கா முறை. குழந்தைகளுக்கு அத்தை முறை. புகலிடம் இல்லாமல் அந்த வீட்டின் ஒரு மூலையில் ஒண்டியிருப்பவர். இது தெரிந்தால் அந்தச் சண்டையின் நிறமே மாறிவிடுகிறது. சர்வஜயாவுக்குத் தன் இரண்டு பிள்ளைகளுக்கே சோறு போட வழியில்லை. புருஷன் புரோகிதர், கவிதை எழுதுபவர், சம்பளப் பாக்கியைக் கேட்கக்கூடக் கூசுபவர். இந்த நிலையில், சட்டப்படியோ வழக்கப்படியோ தான் பார்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு வாய் தன் அடுப்படியில் வந்து எண்ணெயும் மிளகாயும் எடுத்துக்கொண்டு போகிறது. அவள் கோபம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அவள் கோபத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு புரிந்தவருக்கு, கிழவி பிறகு திரும்பி வருவதும், மறுபடி போவதும், ஒரு செம்புத் தண்ணீர் கேட்பதும் வேறு மாதிரிப் படும். வங்காளப் பார்வையாளருக்குத் துர்கா அவரை எந்த முறை சொல்லிக் கூப்பிடுகிறாள் என்பதிலேயே இது விளங்கிவிடும். ஆங்கிலத் துணைத்தலைப்பில் முறை என்பதெல்லாம் ‘ஆன்ட்டி’ என்று கரைந்துவிடும். நம் ஊரில் ஆன்ட்டி என்றால் எதிர்வீட்டுக்காரம்மாவும் ஆன்ட்டிதான்.

ஆகவே அந்த ஒரு வரி, ‘அவர் பாட்டி இல்லை’ என்பது, ஒரு நிமிடத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டிய தகவல். அந்தக் கிழவியாக நடித்த சுனிபாலா தேவியைப் பற்றிச் சொல்லவும் ஆசை வரும். அப்போது அவருக்கு ஏறத்தாழ 80 வயது, பழைய நாடக நடிகை, அவரைத் தேடிக் கண்டுபிடித்ததே ஒரு கதை. ஆனால் அதைச் சொன்னால் பார்வையாளர் கிழவியைப் பார்க்க மாட்டார், நடிகையைப் பார்ப்பார். படம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மூன்றாவது தடங்கல் வேகம். முதல் ஒரு மணி நேரத்தில் ‘கதை’ என்று சொல்லத்தக்க சம்பவங்கள் மிகக் குறைவு. மிட்டாய்க்காரர் வருகிறார், குழந்தைகள் பின்னாலேயே போகிறார்கள். குளத்தில் பூச்சிகள் ஓடுகின்றன. அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கனவுகளைச் சொல்கிறார். அவசரமாகத் திருப்பம் தேடும் கண்ணுக்கு இங்கே பிடிமானம் கிடைக்காது. ‘இது மெதுவான படம், பொறுமையாகப் பாருங்கள்’ என்று சொல்வது உபதேசம். அதைக் கேட்டு யாருக்கும் பொறுமை வந்ததில்லை. அதற்குப் பதிலாக, தேடுவதற்கு ஏதாவது ஒன்றைக் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒன்று படத்தின் நடுநரம்பில் இருப்பதாக இருக்க வேண்டும். சும்மா ஒரு புதிர்ப்போட்டியாக இருக்கக் கூடாது.

இந்தப் படத்தில் அப்படி ஒன்று கச்சிதமாக இருக்கிறது. ரயில். படத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட எல்லோருக்கும் தெரிந்த காட்சி, அக்காவும் தம்பியும் வெள்ளைப் பூப்பூத்த நாணல் வெளியில் ஓடி ரயிலைப் பார்ப்பது. ஆனால் ரயில் அங்கே தொடங்கவில்லை. அதற்கு வெகுநேரம் முன்பே, இரவில், வீட்டுக்குள் இருக்கும்போது எங்கோ தூரத்தில் அது கேட்கிறது. தம்பி அக்காவிடம், நீ ரயிலைப் பார்த்திருக்கிறாயா என்று கேட்கிறான். பிறகு வெளியில், துர்கா தந்திக் கம்பத்தில் காதை வைத்துக் கேட்கிறாள், கம்பி ரீங்கரிக்கிறது. அதற்கப்புறம்தான் கரும்புகையும் பெட்டிகளும். அந்தக் கிராமத்துக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது என்பதை ராய் முதலில் காது வழியாகத்தான் உள்ளே விடுகிறார். ‘ரயில் எங்கே முதலில் கேட்கிறது என்று பாருங்கள்’ என்று ஒரு வரி சொல்லிவிட்டால், வசனமில்லாத நிமிடங்களிலும் கூட்டம் காதைத் திறந்து வைத்திருக்கும். தவளையும் சில்வண்டும் காற்றும் எல்லாம் சேர்ந்து அப்போதுதான் கேட்கத் தொடங்கும்.

இதே ஒலியைச் சேர்ந்த இன்னொரு விஷயம் உண்டு, அதைச் சொல்லவே கூடாது. படத்தின் மிக முக்கியமான ஒரு கட்டத்தில், நடிகை வாய்விட்டு அழும்போது அவர் குரல் நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்கிற வாத்தியத்தின் உச்சக் குரலை ராய் வைத்திருப்பார். திரைப்படப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் இருப்பது மிகக் கஷ்டம். சொல்லிவிட்டால், அந்த நொடி வரும்போது கூட்டம் வாத்தியத்தை அடையாளம் கண்டுபிடித்துவிட்டுத் திருப்தியாக இருக்கும். அந்த அம்மாவின் துக்கம் யாரையும் தொடாது. நல்ல தகவல், தவறான நேரம்.

படம் எடுத்த கதையை என்ன செய்வது? அது சுவையானது, சொன்னால் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ராய் அப்போது விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராக இருந்தார். முதல் நாள் படப்பிடிப்பு 1952 அக்டோபர் 27, அந்த நாணல் வெளியில்தான். கேமரா பிடித்த சுப்ரதோ மித்ராவுக்கு 21 வயது, அதற்கு முன் சினிமா கேமராவைத் தொட்டதில்லை. ஒரு நாள் எடுத்துவிட்டு, மீதியை எடுக்க அடுத்த வாரம் போனால் மாடுகள் அவ்வளவு பூவையும் மேய்ந்துவிட்டிருந்தன. அடுத்த பூப்பருவம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காசு தீர்ந்து படப்பிடிப்பு நின்றது. காப்பீட்டுப் பத்திரம், கிராமபோன் தட்டுகள், மனைவியின் நகை எல்லாம் போயின. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் கொடுத்துப் படம் முடிந்தது. 1955இல் வெளியாயிற்று.

இதில் ஒரு பாதியைச் சொன்னாலே 30 வினாடி போய்விடும். என் கணக்கில் ‘அவருக்கு இது முதல் படம்’ என்ற நான்கு சொல் போதும். அதே வயதில், கையில் ஒரு கேமராவோடு உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு மீதியைத் தேடிப் போகத் தானே ஆர்வம் வரும். காட்சித் தொடர்பியல் மாணவர்கள் மட்டுமே இருக்கும் அரங்கம் என்றால் மாட்டுக் கதையை உள்ளே கொண்டுவந்து வேறொன்றை வெளியே அனுப்பலாம். தமிழ் இலக்கிய வகுப்பு என்றால் நாவலைப் பற்றி ஒரு வரி. எல்லாத் துறையும் கலந்து உட்கார்ந்திருக்கும் பொது அரங்கத்துக்கு நான் எழுதிக் கொடுப்பது இப்படி இருக்கும்:

“வணக்கம். நாம் இப்போது பார்க்கப்போவது ‘பதேர் பாஞ்சாலி’, 1955இல் வந்த வங்காளப் படம். பாஞ்சாலி என்றதும் பாரதக் கதை என்று நினைக்க வேண்டாம். இயக்குநர் சத்யஜித் ராய். அவருக்கு இது முதல் படம்.

நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கிராமம். அப்பா, அம்மா, அக்கா துர்கா, தம்பி அபு. கூடவே வயதான அம்மா ஒருவர் இருப்பார். அவர் பாட்டி இல்லை. அப்பாவுக்குத் தூரத்து அக்கா முறை. வேறு போக்கிடம் இல்லாமல் இந்த வீட்டில் ஒண்டியிருக்கிறார். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இன்னொன்று. இந்தப் படத்தில் ரயில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும். முதலில் எங்கே கேட்கிறது என்று கவனியுங்கள். படம் முடிந்ததும் கேட்பேன்.

ஆங்கிலத்தில் சப்டைட்டில் வரும், வசனம் குறைவுதான். 2 மணி 5 நிமிடம், இடைவேளை கிடையாது. விளக்கை அணைத்துவிடலாம்.”

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நிதானமாகப் படித்தாலும் ஒரு நிமிடத்தைப் பெரிதாகத் தாண்டாது. இதில் ராயின் பிறந்த ஊர் இல்லை, ஒரு விருது இல்லை, படம் நல்ல படம் என்றுகூட இல்லை. நல்ல படமா என்பதைப் பார்த்துவிட்டு அவர்கள் சொல்லட்டும். ‘இடைவேளை கிடையாது’ என்பதைச் சிலர் வேண்டாத தகவல் என்று அடித்துவிடுவார்கள். நம் ஊரில் இடைவேளை இல்லாத படம் என்பது உடம்புக்கே பழக்கமில்லாத ஒன்று. ஒரு மணி நேரம் ஆனதும் முறுக்குக்கும் டீக்கும் கால் தானாக எழுந்துவிடும். சொல்லிவைத்தால் போக வேண்டியவர்கள் முன்பே போய்விட்டு வருவார்கள், ரயில் வரும் நேரத்தில் கதவு திறந்து வெளிச்சம் அடிக்காது. கடைசி வரியும் வேண்டுமென்றே வைத்ததுதான். ‘இத்துடன் என் உரையை நிறைவு செய்கிறேன், வாய்ப்பளித்த அனைவருக்கும்’ என்று இழுத்தால், கைதட்டல், அடுத்தவர் மைக் வாங்குவது, இன்னொரு நன்றி என்று ஐந்து நிமிடம் போகும். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டால் அடுத்து நடக்க வேண்டியது படம்தான்.

தாளைப் பார்த்துப் படிக்கலாமா என்று கேட்பார்கள். படிக்கலாம், தப்பில்லை. ஆனால் ‘அவர் பாட்டி இல்லை’ என்ற வரியை மட்டும் தலையை நிமிர்த்தி, கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். எல்லா வரியையும் ஒரே தொனியில் ஓட்டினால் எது முக்கியம் என்று கேட்பவருக்குத் தெரியாது. ஒப்பித்துவிட்டு வருபவர்களிடம் இன்னொரு ஆபத்து உண்டு. நடுவில் ஒரு சொல் மறந்துபோனால் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

சொல்வது இருக்கட்டும், சொன்னது திரையில் நடக்க வேண்டுமே. ரயிலைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, அரங்கத்தின் மின்விசிறிகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தால் அந்தத் தூரத்து ரயில் யார் காதுக்கும் எட்டாது. வசனத்துக்குச் சரியாக இருக்கும் ஒலியளவு இந்த இடத்துக்குப் போதாமலும் போகலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த இரவுக் காட்சியை மட்டும் ஓட்டிவிட்டு, அரங்கத்தின் கடைசி வரிசையில் போய் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒலியைக் கூட்ட வேண்டும், அல்லது அறிமுகத்திலிருந்து ரயிலைத் தூக்கிவிட வேண்டும்.

படத்தின் வடிவமும் அப்படித்தான். 1955இன் படம் இன்றைய அகலத் திரை வடிவத்தில் எடுக்கப்பட்டதில்லை. பழைய தொலைக்காட்சிப் பெட்டி போல ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். இடமும் வலமும் கறுப்பு விடுவதுதான் சரி. ‘ஸ்கிரீன் ஃபுல்லா தெரியணும் சார்’ என்று புரொஜெக்டர்காரர் அக்கறையோடு இழுத்து விட்டுவிடுவார். துர்காவின் முகம் பூசணிக்காய் மாதிரி அகன்றுவிடும். கண்டுபிடிக்க எளிய வழி, வட்டமான எதையாவது பார்ப்பது. தட்டோ பானை வாயோ நேராகத் தெரியும்போது முட்டை வடிவத்தில் இருந்தால் படம் இழுபட்டிருக்கிறது. படியில்லாத சமதள அரங்கமாக இருந்தால் சப்டைட்டில் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். திரையின் அடிவிளிம்பை உயர்த்த முடியாவிட்டால் நடுவரிசை நாற்காலிகளைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட வேண்டும். இதையெல்லாம் செய்யாமல் மேடையில் எவ்வளவு அழகாகப் பேசினாலும் பயனில்லை.

எந்தப் பிரதி என்பதும் கவனிக்க வேண்டியது. இந்தப் படத்தின் மூலச் சுருள்கள் 1993இல் லண்டனில் ஒரு தீவிபத்தில் சிக்கிக் கருகின. பல ஆண்டு உழைப்பில், தீயில் தப்பியதையும் வேறு இடங்களில் இருந்த பிரதிகளையும் சேர்த்து மீட்டெடுத்த பதிப்பு 2015இல் வந்தது. இணையத்தில் சுற்றும் பழைய பிரதிகளில் நாணல் பூவும் வானமும் ஒரே சாம்பலாகக் கிடக்கும். மீட்டெடுத்த பதிப்பு என்றால் இரவுக் காட்சியின் இருட்டில்கூட முகம் தெரியும்.

எல்லா நிகழ்ச்சிக்கும் இப்படி ஒரு நிமிடம் தேவையா என்றால், தேவையில்லாதவையும் உண்டு. கலைவிழாவில் தெருக்கூத்து வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தெருக்கூத்து என்றால் என்ன, அது எவ்வளவு தொன்மையானது என்று தமிழ்த்துறை மாணவி ஒருவர் மேடையில் வாசிப்பார். தேவையே இல்லை. கூத்திலேயே அறிமுகம் உள்ளடங்கி இருக்கிறது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள், வேஷக்காரர் அதன் பின்னால் நின்று தான் யார் என்று பாடுவார், கட்டியங்காரன் கேள்வி கேட்டு மீதியை வரவழைப்பான், நகைச்சுவையும் செய்வான். கட்டியங்காரன் செய்யும் வேலையை இன்னொருவர் முன்கூட்டியே செய்வது அவன் பிழைப்பில் மண்ணைப் போடுவது.

ஆனால் கல்லூரியில் விடியவிடியக் கூத்து நடக்காது. ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கியிருப்பார்கள். அப்போது கதை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று ஒரு வரி தேவைப்படும். ‘கர்ண மோட்சம்’ என்றால், பாரதப் போரின் 17ஆம் நாள், கர்ணன் களத்துக்குப் புறப்படுகிறான் என்று சொன்னால் போதும். கூடவே இன்னொரு வரியும் வேண்டும். நம் மாணவர்களுக்குக் கர்ணன் என்றால் 1964இல் வந்த சிவாஜி படம். அதில் கர்ணனின் மனைவி சுபாங்கி, நடித்தவர் தேவிகா, கணவன்மேல் உயிரையே வைத்திருப்பவர். கூத்தில் அவள் பெயர் பொன்னுருவி. கணவனின் பிறப்பைச் சொல்லிக் குத்துபவள், அவன் போருக்குப் போகும் நேரத்தில் அவனோடு தர்க்கம் செய்பவள். தேவிகாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவருக்குப் பொன்னுருவியின் பேச்சு விளங்கப் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் காட்சியே முடிந்துவிடும். ‘சினிமாவில் பார்த்த சுபாங்கியை மறந்துவிடுங்கள், இவள் பொன்னுருவி, இவளுக்குக் கணவன்மேல் ஒரு மனக்குறை இருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் முதல் வரியிலிருந்தே கூட்டம் அவளைப் பிடித்துக்கொள்ளும். இரண்டே வரி, 20 வினாடி. மிச்ச 40 வினாடியைக் கட்டியங்காரனுக்கு விட்டுவிடலாம்.

அறிமுகம் வேலை செய்ததா என்று கைதட்டலை வைத்துச் சொல்ல முடியாது. நண்பன் பேசினால் பேச்சு எப்படியிருந்தாலும் கைதட்டுவார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் நான் பார்ப்பது அந்த முதல் சண்டைக் காட்சியை. சர்வஜயா திட்டும்போது கூட்டத்தில் ‘ச்சே’ என்ற முனகல் எழுந்தால், அவளை மருமகளாகத்தான் பார்க்கிறார்கள், வரி போய்ச் சேரவில்லை. அமைதியாக இருந்தால் சேர்ந்திருக்கிறது. அதேபோல் இரவில் ரயில் கேட்கும்போது இரண்டு மூன்று தலைகள் பக்கத்துத் தலைகளின் பக்கம் திரும்ப வேண்டும்.

நாலே கால் வாக்கில் விளக்குப் போட்டதும், பேருந்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும். அறிமுகத்தில் அடக்கிவைத்ததையெல்லாம் அவிழ்க்க வேண்டிய நேரம் அதுதான். கேட்டதாகச் சொன்னபடி ரயிலைக் கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால் அடுத்த முறை யாரும் கவனிக்க மாட்டார்கள். பிறகு தார் ஷெனாய், சுனிபாலா தேவி, மாடு மேய்ந்த நாணல். எனக்குப் பிடித்தது மிட்டாய்க்காரர் கதை. குழந்தைகள் பின்னாலேயே ஓடும் அந்த வரிசைக் காட்சிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது பணம் தீர்ந்து வேலை நின்றது, மறுபடி தொடங்கியபோது மிட்டாய்க்காரராக நடித்தவர் உயிரோடு இல்லை. ராய் அதே போன்ற உடல்வாகு உள்ள வேறொருவரைத் தேடிப் பிடித்து, முகம் தெரியாமல் முதுகுப்பக்கமாக எடுத்தார். முன்னால் வருபவர் ஒருவர், அடுத்த ஷாட்டில் முதுகைக் காட்டிப் போகிறவர் இன்னொருவர். யாருக்காவது தெரிந்ததா என்று கேட்டால் ஒரு கையும் உயராது. யாரோ ஒருவர் “சார், அந்த இடத்தை மட்டும் மறுபடி போடுங்க” என்பார். புரொஜெக்டரை அணைக்காமல் வைத்திருப்பது அதற்காகத்தான்.